பேக்கரி ஆர்டர் இனி வாட்ஸ்அப்பில்: வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம்

பேக்கரியில் பன், பிரெட், பப்ஸ் எல்லாம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கேட்டு வாங்கிப்போகும் சரக்கு. முன்கூட்டியே சொல்லிவைக்கத் தேவையில்லை. பிறந்தநாள் கேக் அப்படியல்ல. எந்த வகை, எத்தனை கிலோ, முட்டை சேர்க்கலாமா கூடாதா, மேலே எழுத வேண்டிய பெயர், எடுத்துக்கொள்ளும் நாள், நேரம், கொடுத்த முன்பணம் என்று ஏழு விவரங்கள் சரியாக இருந்தால்தான் ஓர் ஆர்டர் முழுமை பெறும். அவற்றில் ஒன்று பிசகினாலும் நட்டம் கடைக்குத்தான். ஒருவருடைய பெயர் எழுதிய கேக்கை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது.

இந்த விவரங்கள் பெரும்பாலும் தொலைபேசியில் வருகின்றன. கல்லாவில் நிற்பவர் சில்லறை கொடுத்துக்கொண்டே காதில் வாங்கி, ஆர்டர் நோட்டில் கிறுக்கி வைக்கிறார். எதிர்முனையில் ‘ஒன்றரை கிலோ’ என்று சொன்னது, கடை இரைச்சலில் ‘அரை கிலோ’ என்று விழலாம். ‘ஆறு மணி’ என்றால் காலையா மாலையா என்று கேட்க மறந்துபோகலாம். ஹரிணிக்கு எந்த ‘ணி’ என்பதைக் காது சொல்லாது. கேக்கின் மேல் கிரீமால் எழுதிய பிறகு கண் சொல்லும். கேக் எடுக்கும் நாளில் இன்னொரு தொல்லை. “ரெடியா?” என்று கேட்டு வரும் அழைப்புகள், கூட்டம் அதிகமாக இருக்கும் மாலை நேரத்தில்தான் குவிகின்றன.

ஆர்டர் செய்திகளை வாட்ஸ்அப்புக்கு மாற்றச் சிறு பேக்கரிகள் நினைப்பதற்கு இவையே காரணம். எழுத்தில் வந்த பெயரைப் பார்த்து அப்படியே எழுதலாம். கேக் தயாரானதும் ஒரு வரி அனுப்பிவிடலாம். சாதாரணக் குறுஞ்செய்தியிலும் இதைச் செய்ய முடியும் என்றாலும், கணினி வழியாக மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப விரும்பும் நிறுவனங்கள் 2018ஆம் ஆண்டின் டிராய் விதிமுறைப்படி தங்களையும், அனுப்பும் பெயரையும், செய்தியின் வாசக அமைப்பையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்பே பதிவு செய்ய வேண்டும். நாளுக்கு நான்கைந்து கேக் ஆர்டர் எடுக்கும் கடைக்கு அது பெரிய வேலை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியோ 2018 தொடக்கத்திலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

மாற்றத்தை வாடிக்கையாளருக்கு எப்படித் தெரிவிப்பது? வாட்ஸ்அப்பிலேயே எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. கடையின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைக்காதவருக்கு, பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி போய்ச் சேராது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் பலர் தடுத்துவிடுவார்கள். பலர் அப்படித் தடுத்து, புகாரும் கொடுத்தால் கடையின் எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடலாம். ஆகவே முதல் தகவல் காகிதத்தில் போவதே நல்லது. கேக் பெட்டியோடும் பில்லோடும் கையில் கொடுக்கும் அரைப்பக்கக் கடிதம் அதற்குப் போதும்.

மாதிரிக் கடிதம்

ஒரு சிற்றூர் பேக்கரி இப்படியொரு கடிதம் எழுதலாம்:

> அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.
>
> வரும் 1ஆம் தேதி முதல், கேக் ஆர்டர் பற்றிய செய்திகளை நம் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பவிருக்கிறோம். ஓர் ஆர்டருக்கு மூன்று செய்திகள் வரும்: ஆர்டர் விவரம், முன்பணம் கிடைத்த தகவல், கேக் தயாரான தகவல். வேறு விளம்பரம் எதுவும் அனுப்ப மாட்டோம்.
>
> விருப்பம் உள்ளவர்கள் கீழே உள்ள கடை எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து, தங்கள் பெயரை மட்டும் ஒருமுறை அனுப்பிவையுங்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் செய்தி அனுப்புவோம். வேண்டாம் என்று தோன்றினால் ‘நிறுத்து’ என்று அனுப்பினால் போதும்.
>
> நீங்கள் அனுப்பும் ஆர்டரை நாங்கள் விவரத்தோடு திருப்பி எழுதி, நீங்கள் ‘சரி’ என்று சொன்ன பிறகே அது உறுதியாகும். இரவு 9 மணிக்கு மேல் வரும் செய்திகளை மறுநாள் காலை 8 மணிக்குத்தான் பார்ப்போம். அன்றைக்கே வேண்டிய கேக்குக்கும், சொன்ன ஆர்டரில் மாற்றத்துக்கும் தயவுசெய்து போன் செய்யுங்கள்.
>
> வாட்ஸ்அப் இல்லாதவர்கள் எப்போதும்போலக் கடைக்கு வந்தோ போனிலோ சொல்லலாம். அவர்களுக்கு நாங்களே போன் செய்து தகவல் சொல்வோம்.
>
> பணம் அனுப்ப வேறு எண்ணோ கியூஆர் குறியீடோ எங்கள் பெயரில் வந்தால் நம்ப வேண்டாம். கடைக்குப் போன் செய்து கேளுங்கள்.
>
> அன்புடன்,
> கடை உரிமையாளர்

கடிதம் சிறியதுதான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் பின்னால் வாட்ஸ்அப் செயல்படும் விதத்திலோ கடை நடக்கும் விதத்திலோ ஒரு காரணம் இருக்கிறது.

முதல் செய்தி யாருடையது?

எண்ணைச் சேமித்துப் பெயரை அனுப்பும்படி கடிதம் கேட்பதால் மூன்று வேலைகள் ஒன்றாக முடிகின்றன. வாடிக்கையாளரின் கைப்பேசியில் கடையின் எண் பெயரோடு பதிவாகிவிடுவதால் பின்னால் வரும் செய்தி அந்நியமாகத் தெரியாது. கடைக்கு அவருடைய சரியான எண் கிடைக்கிறது. நோட்டில் ஓர் இலக்கம் மாறி யாருக்கோ செய்தி போவதில்லை. மூன்றாவது, அவராக முன்வந்து சம்மதம் சொன்னதற்கு அந்தச் செய்தியே சான்றாகிறது.

சம்மதம் வெறும் மரியாதைக்காக மட்டுமல்ல. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தின் பேரில் பெற்ற விவரத்தை எதற்காகப் பெற்றார்களோ அதற்கே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையை முன்வைக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. கடிதத்தில் உள்ள ‘நிறுத்து’ என்ற ஒற்றைச் சொல் அதற்குத்தான். கேக்குக்காகக் கொடுத்த எண்ணுக்குத் தீபாவளி இனிப்பு விளம்பரம் அனுப்பினால் கடை தான் எழுதிக் கொடுத்த வாக்கையே மீறியதாகும். விளம்பரமும் அனுப்ப விருப்பம் இருந்தால், அதைத் தனியாகக் கேட்டுச் சம்மதித்தவர்களை மட்டும் பிராட்காஸ்ட் பட்டியலில் சேர்க்கலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்க இடமுண்டு.

வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரே குரூப்பில் சேர்ப்பதுதான் இதில் பலரும் செய்யும் தவறு. குரூப்பில் ஒருவருடைய எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேக்கரியில் கேக் வாங்கிய பெண்ணின் எண்ணை முகம் தெரியாத நூறு பேர் பார்க்க நேரும். யார் வீட்டில் என்றைக்கு விசேஷம் என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். ஆர்டர் செய்திக்குக் குரூப்பும் வேண்டாம், பிராட்காஸ்டும் வேண்டாம். ஒருவருக்கு ஒருவர் பேசும் சாதாரண உரையாடலே போதும்.

ஓர் ஆர்டர் நடக்கும் விதம்

ஒருவர் வியாழக்கிழமை இரவு 11.30 மணிக்கு இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்: “அண்ணா, நாளைக்கு மறுநாள் சாயங்காலம் ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்ட் வேணும். எக்லெஸ். ஹரிணின்னு எழுதணும்.”

கடையில் இதை வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குப் படிக்கிறார்கள். போனில் பேசும்போது இருவருக்கும் ‘நாளை’ ஒரே நாள்தான். எழுத்தில் அப்படியல்ல, அனுப்பியவருக்கு ‘நாளைக்கு மறுநாள்’ சனிக்கிழமை, காலையில் அவசரமாகப் படிப்பவருக்கோ அது ஞாயிற்றுக்கிழமையாகப் படலாம். அதனால் கடையின் பதிலில் தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்க வேண்டும். ‘சாயங்காலம்’ என்பது நான்கு மணியாகவும் இருக்கலாம், எட்டு மணியாகவும் இருக்கலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கடை அனுப்பும் முதல் செய்தி இப்படி அமையும்:

> ஆர்டர் எண் 37
> பிளாக் ஃபாரஸ்ட், 1 கிலோ, முட்டை சேர்க்காதது
> கேக்கில் எழுத வேண்டியது: ஹரிணி (தமிழில்)
> எடுத்துக்கொள்வது: மார்ச் 14, சனிக்கிழமை, மாலை 6 மணி
> மொத்தம் ரூ. 900. முன்பணம் ரூ. 400. மீதி ரூ. 500.
> எல்லாம் சரியாக இருந்தால் ‘சரி’ என்று அனுப்புங்கள்.

வாடிக்கையாளர் அனுப்பியதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் கடை தன் வாக்கியத்தில் திருப்பி எழுதுவதில்தான் பயன் இருக்கிறது. ‘தமிழில்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும், பெயரை ஆங்கிலத்தில் எழுத நினைத்தவர் உடனே சொல்லிவிடுவார். குரல் பதிவாக வரும் ஆர்டருக்கு இது இன்னும் முக்கியம். குரல் பதிவும் தொலைபேசி மாதிரிதான். ‘ஒன்றரை’யும் ‘அரை’யும் அதிலும் குழம்பும். கேட்டு முடித்ததும் எழுதி அனுப்பினால்தான் குழப்பம் தீரும்.

முன்பணம் வந்ததும் இரண்டாவது செய்தி: “ஆர்டர் 37க்கு ரூ. 400 கிடைத்தது.” சனிக்கிழமை கேக்கைப் பெட்டியில் வைத்த பிறகு மூன்றாவது: “ஆர்டர் 37 தயார். இரவு 9 மணி வரை கடையில் எடுத்துக்கொள்ளலாம். மீதி ரூ. 500.” பெட்டியில் வைத்த பிறகு என்பதைக் கடையில் உறுதியாகப் பின்பற்ற வேண்டும். ‘இன்னும் பத்து நிமிடத்தில் ஆகிவிடும்’ என்று நம்பி முன்பே அனுப்பினால், வந்தவர் கடையில் காத்து நிற்பார். அடுத்த முறை செய்தி வந்தாலும் போன் செய்து கேட்பார்.

இப்படி ஒரே அமைப்பில் வரும் செய்திகளை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. செயலியில் குயிக் ரிப்ளை என்ற வசதி இருக்கிறது. வாசகத்தை ஒருமுறை சேமித்து அதற்கொரு சிறு பெயர் வைத்துவிட்டால், சாய்கோடு போட்டு அந்தப் பெயரை அடித்ததும் முழு வாசகமும் வந்து நிற்கும். எண்ணையும் பெயரையும் மட்டும் நிரப்பினால் போதும். உரையாடல்களுக்கு ‘புதிய ஆர்டர்’, ‘பணம் பாக்கி’, ‘முடிந்தது’ என்று நிற லேபிள் ஒட்டிவைக்கவும் முடியும். காலையில் வந்ததும் எது எது நிற்கிறது என்று பார்க்க அது உதவும்.

ஆனாலும் ஆர்டர் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கையெல்லாம் கிரீமும் மாவுமாக நிற்கும் மாஸ்டர் கைப்பேசியைத் தொட்டுப் பார்க்க முடியாது. அவருக்குச் சீட்டில் எழுதி அடுப்படியில் ஒட்டினால்தான் வேலை நடக்கும். அந்தச் சீட்டே பிறகு கேக் பெட்டியின் மேல் ஏறினால், கல்லாவில் இருப்பவர் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். வாடிக்கையாளர் தன் உரையாடலில் செய்திகள் தாமாக மறையும் அமைப்பை இயக்கியிருந்தால், அதற்குப் பிறகு வரும் செய்திகள் குறித்த காலத்தில் மறைந்துவிடும் என்பதும் நோட்டு வேண்டும் என்பதற்கு ஒரு காரணம்.

எங்கே சறுக்கும்

வாட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி புறப்பட்டுவிட்டது. இரண்டு சாம்பல் டிக் என்றால் அவருடைய கைப்பேசியை அடைந்துவிட்டது. இரண்டும் நீலமானால் திறந்து பார்க்கப்பட்டது. ஒற்றை டிக்கிலேயே நெடுநேரம் நின்றால், எதிர்முனையில் இணையம் இல்லாமலோ கைப்பேசி அணைந்தோ இருக்கலாம். அவர் எண்ணைத் தடுத்திருந்தாலும் அப்படித்தான் நிற்கும். படித்ததைக் காட்டும் வசதியைச் சிலர் நிறுத்தி வைத்திருப்பதால், அவர்கள் படித்திருந்தாலும் டிக் நீலமாகாது. நீலமாகியிருந்தாலும் கைப்பேசியைப் பார்த்தது வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். ஆகவே டிக்கைப் பார்த்து மாவு கலக்கக் கூடாது. ‘சரி’ என்ற பதில் வர வேண்டும். முந்தின நாள் மாலைக்குள் அது வரவில்லையானால் கடையிலிருந்து ஒரு போன் போவதே வழி.

தானியங்கிப் பதில் இன்னொரு சறுக்கல். கடை மூடியிருக்கும் நேரத்துக்கென்று ஒரு பதிலைச் செயலியில் அமைத்து வைக்கலாம். ‘தங்கள் செய்தி கிடைத்தது, நன்றி’ என்று அதில் எழுதிவைத்தால், இரவில் ஆர்டர் அனுப்பியவர் கேக் உறுதியாகிவிட்டது என்றே நினைப்பார். ‘கடை மூடியிருக்கிறது. காலை 8 மணிக்குப் பார்த்துப் பதில் சொல்கிறோம். இது ஆர்டர் உறுதி அல்ல’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது. கடிதத்தில் 9 மணி, 8 மணி என்று நேரம் குறித்ததும் இதனால்தான்.

ஆர்டரில் மாற்றம் இருந்தால் போன் செய்யும்படி கடிதம் சொல்வதற்கும் காரணம் உண்டு. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த வாட்ஸ்அப் இடம் தருகிறது. ஆனால் திருத்தியதற்கென்று எதிர்முனையில் மணி அடிக்காது. செய்தியின் ஓரத்தில் திருத்தப்பட்டது என்ற சிறு குறிப்பு மட்டும் தெரியும். ஒரு கிலோ என்று படித்து நோட்டில் ஏற்றிய பிறகு அது இரண்டு கிலோவாக மாறியிருந்தால், திரும்பிப் பார்த்தாலொழியக் கடைக்குத் தெரியாது. கடையும் இதே ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். உறுதி செய்த செய்தியைத் திருத்தாமல், மாற்றத்தோடு புதிதாக ஒன்றை எழுதி மறுபடியும் ‘சரி’ வாங்க வேண்டும்.

எந்த எண்ணில் தொடங்குவது என்பதையும் கடிதம் அச்சாகும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஒரே எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பையும் பிசினஸ் செயலியையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. உரிமையாளர் தன் சொந்த எண்ணையே கொடுத்தால், வீட்டுப் பேச்சும் கடைப் பேச்சும் கல்லா மேசையில் கிடக்கும் ஒரே கைப்பேசியில் கலந்துவிடும். கடைக்கென்று தனி எண் வாங்குவது நல்லது. ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த தரைவழி எண் இருந்தால் அதையே பதிவு செய்யலாம். சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பில் கேட்டுக்கொள்ள வழி உண்டு. எண் கடையின் பேரில் இருந்தால், வேலைக்கு இருப்பவர் நின்றுவிட்டாலும் வாடிக்கையாளர் தொடர்பு அவரோடு போய்விடாது.

பணம் பற்றிய வரி

கடையின் பெயரையும் படத்தையும் போட்டு வேறொரு எண்ணிலிருந்து “மீதிப் பணத்தை இதற்கு அனுப்புங்கள்” என்று கேட்பது எவருக்கும் எளிது. பெயரையும் படத்தையும் போலியாக வைக்கலாம். கடை அச்சிட்டுக் கொடுத்த எண்ணிலிருந்து பேச முடியாது. அந்த எண் காகிதத்தில் வாடிக்கையாளர் கையில் இருப்பதே முதல் பாதுகாப்பு. ஆர்டர் ரத்தாகி முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஏமாற்றுவோரும் உண்டு. யுபிஐயில் பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை அடிக்கவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்டால் பணம் போகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கடைக்கும் இதில் பொறுப்பு உண்டு. வாட்ஸ்அப் பதிவுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. சொன்னால் கடையின் கணக்கே கைமாறிவிடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கித் தனி ரகசிய எண்ணும் வைத்துவிட்டால், பதிவு எண் கசிந்தாலும் மற்றொரு பூட்டு மிஞ்சும்.

கொடுக்கும் முறை

கடிதத்தை ஒரே நாளில் எல்லோருக்கும் நீட்ட வேண்டியதில்லை. தினமும் பன் வாங்குபவருக்கு இது தேவையும் இல்லை. கேக் எடுக்க வருபவருக்குப் பெட்டியோடு ஒன்று, ஆர்டர் சொல்ல வருபவருக்கு ரசீதோடு ஒன்று என்று, மாறும் தேதிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே கொடுத்து வரலாம். எழுத்து பெரிதாக இருந்தால் வயதானவர்கள் கண்ணாடியைத் தேடாமல் படிப்பார்கள். எண்ணோடு ஒரு கியூஆர் குறியீட்டையும் அச்சிட்டால், அதைக் கைப்பேசியில் காட்டியதும் கடையோடான உரையாடல் திறந்துவிடும். எண்ணைத் தப்பாக அடிக்கும் வேலை மிச்சம். குறியீடு எண்ணைச் சேமிப்பதில்லை. அதை வாடிக்கையாளர்தான் செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் வைத்திராதவர்களின் பெயருக்கு எதிரே நோட்டில் ‘போன்’ என்று குறித்துக்கொண்டால், கேக் தயாரானதும் அவர்களை அழைக்க மறக்காது. முறை சரியாக ஓடுகிறதா என்பதை ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டியே பார்த்துவிடலாம். ‘சரி’ வராமலேயே செய்த கேக் எத்தனை, செய்தி போன பிறகும் “ரெடியா?” என்று கேட்டு வந்த அழைப்புகள் எத்தனை என்று எண்ணினால் போதும். முதலாவது அதிகமாக இருந்தால் கடை தன் விதியைத் தானே மீறுகிறது. இரண்டாவது அதிகமாக இருந்தால் செய்தி தாமதமாகப் போகிறது, அல்லது வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பை அடிக்கடி பார்ப்பவர் அல்லர். அப்படிப்பட்டவரின் பெயரையும் போன் பட்டியலுக்கு மாற்றிவிடலாம்.